சிரிக்க வைக்கப்பட்ட முகங்கள்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் கொடுத்துத் தருவது எனக்குப் பகுதிநேர வேலை. யாராவது படம் அனுப்பினால் 2021இல் நடந்த ஒரு விஷயம் உடனே நினைவுக்கு வரும்.

கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில், 1970களில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்களைச் சிறையிலேயே எடுத்த படங்கள் அவை. ஐரிஷ் கலைஞர் ஒருவர் அவற்றுக்கு வண்ணம் பூசினார். வைஸ் இதழ் வெளியிட்டது. பிறகுதான் தெரிந்தது, சில முகங்களில் மூலப்படத்தில் இல்லாத புன்னகை இருந்தது. மாற்றியதாக எங்கும் குறிப்பு இல்லை. உறவினர்கள் கொதித்தார்கள், கம்போடிய அரசு கண்டித்தது, இதழ் கட்டுரையையே நீக்கியது.

வண்ணமே ஊகம்தான். சேலை பச்சையா நீலமா என்று கறுப்பு வெள்ளைப் படம் சொல்லாது. அதைக்கூடப் பொறுக்கலாம். முகபாவத்தைத் தொடுவது வேறு. இறந்தவர் சம்மதம் சொல்ல முடியாது, அதனால் குடும்பத்தைக் கேட்காமல் நான் தொடுவதில்லை.

அப்புறம், 'வண்ணம் சேர்க்கப்பட்டது' என்பதைப் படத்தின் மேலேயே, ஓரத்தில் எழுதிவிடுகிறேன். கீழே தனியாக எழுதினால் வாட்ஸப்பில் இரண்டு கை மாறுவதற்குள் காணாமல் போகும். அழகு கெடுகிறது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சரி, கெடட்டும். மூலப்படத்தையும் கூடவே அனுப்புகிறேன்.