பொருள் 6 எங்கே போயிற்று?

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்த முதல் ஆண்டில் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: "பொருள் 6: மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒத்திவைக்கப்பட்டது." அவ்வளவுதான். மூன்று கூட்டங்கள் கழிந்து, ஒப்பந்தம் காலாவதியான பிறகு மின்தூக்கி பழுதாகி நின்றது. குறிப்பேட்டைப் புரட்டினோம். பொருளாளர் அந்தப் பொருள் நிராகரிக்கப்பட்டது என்றே நினைத்திருந்தார். நான் மறுபடி கொண்டுவருவேன் என்று தலைவர் காத்திருந்தார். நானோ பொருளாளர் விலைப்புள்ளிகளோடு வருவார் என்று இருந்துவிட்டேன். நான் எழுதிய வரி மூன்று எண்ணங்களுக்குமே இடம் கொடுத்திருந்தது. மூன்றாவது மாடி முதியவர் ஒருவர் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறியதைப் பார்த்தபோது மனம் மிகவும் வலித்தது.

அடுத்த கூட்டத்திலேயே எழுதும் முறையை மாற்றினேன்: "பொருள் 4: மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒரே ஒரு விலைப்புள்ளி மட்டும் வந்திருப்பதால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மேலும் இரண்டு விலைப்புள்ளிகளைப் பெற்றுப் பொருளாளர் முன்வைப்பார்."

இதில் காரணத்தை எழுதுவதுதான் கடினம். "கருத்து வேறுபாட்டால்" என்று எழுதினால் அடுத்த முறை என்ன மாறியிருக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. எது இல்லாததால் முடிவெடுக்க முடியவில்லையோ அதையே எழுத வேண்டும். நேரம் போதாமல் தள்ளிப்போனால் அதையும் அப்படியே எழுதுகிறேன். அந்தப் பொருளுக்கு யாரும் எதையும் தேடி வர வேண்டியதில்லை, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலிடம் தந்தால் போதும். அதை நிரலில் சேர்ப்பவராக என் பதவியைக் குறிப்பிடுகிறேன். யார் எப்படி வாதிட்டார் என்பதைக் காரணத்தில் கலப்பதில்லை.

பொறுப்பாளர் இடத்தில் "செயற்குழு" என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். பொறுப்பு குழுவுக்கு என்றால் யாரும் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. கூட்டத்துக்கு வராதவர் தலையில் கட்டுவதும் பலிக்காது. ஆகவே அடுத்த பொருளுக்குப் போகும் முன் அந்த வரியை உரக்க வாசிக்கிறேன், பொறுப்பேற்பவர் "சரி" என்ற பிறகே எழுதி முடிக்கிறேன். ஒருமுறை அப்படி வாசித்தபோது, "அந்த வாரம் நான் ஊரில் இருக்க மாட்டேன்" என்றார் பொருளாளர். அங்கேயே தலைவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

புதிய நிரலை எழுத உட்கார்ந்தால் முந்தைய குறிப்பில் ஒத்திவைத்தவற்றைத்தான் முதலில் எடுக்கிறேன். மறுபடி தள்ளிப்போனால் "இரண்டாம் முறை" என்றும், முதலில் வந்த கூட்டத்தின் தேதியையும் சேர்த்து எழுதுகிறேன். மூன்றாம் முறை ஆகும்போது, இதை எடுப்பதா கைவிடுவதா என்று குழுவிடமே கேட்டுவிடுகிறேன். கைவிட்டால் அதையும் தீர்மானமாகப் பதிவு செய்கிறேன்.