நாற்பது கிணறுகளும் பன்னிரண்டு நாட்களும்

வேதாரண்யம் பக்கம் கிணற்று நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, கல்லூரியிலிருந்து ஒரு சிறிய ஆய்வு நிதிக்கு முதல்முறை விண்ணப்பித்தபோது, பட்ஜெட் விளக்கத்தில் 'களப்பணி: ரூ.60,000, கிணறுகளைப் பார்வையிட' என்று ஒரே வரியில் எழுதினேன். நிதி கொடுத்தவர்கள் அதை 30,000 ஆக்கினார்கள். கணக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லாதபோது, எங்கே குறைத்தால் என்ன கெடும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கெட்டது ஜனவரியில் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு செப்டம்பரில் 40 கிணறுகளிலும் நீர் எடுத்திருந்தோம். மழைக்குப் பின் மூன்று நாள் வண்டிக்குத்தான் பணம் மிஞ்சியது, 22 கிணறுகளோடு திரும்பினோம். மழைக்கு முன், பின் என்று ஒப்பிடுவதுதான் ஆய்வே. மீதி 18 கிணறுகளின் செப்டம்பர் அளவுகள் இணையில்லாமல் நின்றுபோயின.

அடுத்த விண்ணப்பத்தில் ஒரு கிணற்றிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். நீர்மட்டம் அளந்து, வாளியில் இறைத்து, பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி நிரப்பி, மீட்டரில் உப்பின் அளவு பார்த்து, வீட்டுக்காரரிடம் நாலு கேள்வி கேட்க முக்கால் மணி நேரம் ஆகும். வழிப்பயணத்தோடு ஒரு நாளைக்கு எட்டுக் கிணறுதான் முடியும். நாற்பதுக்கு ஐந்து நாள், பூட்டிய வீடுகளுக்கு மறுபடி போக ஒரு நாள், இரண்டு சுற்றுக்குப் பன்னிரண்டு நாள். வண்டி வாடகை நாளுக்கு 2,500 வீதம் 30,000.

பகுதிநேர உதவியாளருக்கும் அதே பன்னிரண்டு நாள்தான் அடிப்படை. அளவுகளைக் கணினியில் ஏற்ற எட்டு நாள் சேர்த்து, 20 நாளுக்கு 700 வீதம் 14,000. 'உதவிக்கு ஒருவர்' என்று எழுதாமல், நான் மீட்டரைப் பார்க்கும்போது அவர் நீர்மட்டம் அளந்து குறிப்பெழுதுவார், ஆளில்லாவிட்டால் நாளுக்கு ஐந்து கிணறுதான் ஆகும் என்று எழுதினேன்.

கருவியில் ஒரு பாடம் இருந்தது. மின்கடத்துத்திறன் மீட்டருக்குக் கொட்டேஷன் வைத்தவன், அதைச் சரிபார்க்கும் திரவத்தை முதல்முறை மறந்துவிட்டேன். கடன் வாங்கிய பாட்டிலில் 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டிய மீட்டர் 1520 காட்டியது. தப்பு மீட்டரிலா, பழைய திரவத்திலா என்று சொல்ல வழியில்லை. இப்போது மீட்டர் கருவித் தலைப்பில், திரவமும் பாட்டிலும் நுகர்பொருள் தலைப்பில். கருத்தரங்குப் பயணத்தையும் களப்பணியோடு கலக்கவில்லை. கலந்தால் வெட்டு விழும்போது வண்டியும் சேர்ந்து போகும்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'தொகை குறைந்தால் கிணறுகளைக் குறைப்போம், சுற்றுகளைக் குறைக்க முடியாது.' இந்த முறையும் குறைத்தார்கள், பத்து நாளுக்கு. சுற்றுக்கு ஐந்து நாள், அதில் ஒன்று பூட்டிய வீடுகளுக்கு. 32 கிணறுகள், செப்டம்பரிலும் ஜனவரியிலும் அதே 32.