நூற்றறுபது பெட்டி

பிப்ரவரி 9, திங்கள்

அப்பாவின் ஏஜென்சி கோடவுனில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாக்குகளை இன்று நகர்த்தினோம். பின்னால் கிரீம் பிஸ்கட் 160 பெட்டி. எல்லாம் ஒரே பேட்ச், மார்ச் 28 வரைதான் தேதி. டிசம்பர் கடைசியில் கம்பெனி ஆபீசர் டார்கெட்டை முடிக்க அப்பா தலையில் கட்டியது. அப்பாவும் 'பார்த்துக்கலாம்' என்று சொல்லியிருப்பார். ஸ்கீமில் எடுத்த சரக்கு என்பதால் கம்பெனி திரும்ப எடுக்காது.

47 நாள் இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். சேல்ஸ் அண்ணன் சிரித்தார். ஒரு மாதத்துக்குள் தேதி முடிகிற சரக்கைப் பெட்டிக்கடைக்காரர்கூட வாங்க மாட்டாராம். அப்படியானால் கையில் இருப்பது பதினேழு நாள்தான். எங்கள் ஆட்கள் கடை கடையாகச் சரக்குப் போடுகிற லைனில் இந்த ரகம் நாளுக்கு இரண்டு பெட்டிதான் போகும்.

பிப்ரவரி 10

ஆஸ்பத்திரியில் பேச்சு வராமல் கிடக்கும் அப்பா இன்றும் 'சரி' மட்டும் சொன்னார். ஸ்பீச் தெரபிக்கு வருகிற பெண் வியாழனும் வருவாள்.

பிப்ரவரி 11, புதன்

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். பெட்டிக்கு 30 பாக்கெட், எம்.ஆர்.பி. 40. எங்களுக்கு அடக்கம் பெட்டிக்கு 960, கடைக்குப் போடுவது 1,020. 160 பெட்டியில் 1,53,600 ரூபாய் தூங்குகிறது. ஆஸ்பத்திரி பில்லில் இன்றைய நிலுவையை இதற்குப் பக்கத்தில் எழுதினேன், உடனே அடித்துவிட்டேன்.

ஆடிட்டருக்குப் போன் போட்டேன். சரக்கை அழித்தாலோ இலவசமாகக் கொடுத்தாலோ வாங்கும்போது கட்டிப் பிறகு கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றார். பெட்டிக்கு 45 ரூபாய் சொச்சம். அடக்கத்துக்குக் கீழே விற்றால் அந்தத் தொல்லை இல்லை. 'தள்ளுபடியைப் பில்லுலயே காட்டிரும்மா. விக்கும்போது முழு விலை போட்டுட்டு, பொறவு கிரெடிட் நோட் தாரேன்னு வாயில சொல்லாதீங்க. அதுக்கு வாங்குறவரும் வரியைத் திருப்பணும், இழுத்துக்கிட்டே போகும்.'

வாயில் சொல்லாதீங்க. அப்பாவின் வியாபாரம் முழுக்க வாயில் சொன்னதுதான்.

பிப்ரவரி 12, வியாழன்

மூன்று கிளை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் போனேன். பாக்கெட் 24 ரூபாய், பெட்டி 720. நீங்கள் 30-க்கு விற்கலாம், வாங்குபவருக்குப் பத்து ரூபாய் மிச்சம், உங்களுக்கு ஆறு என்றேன். தேதியை நானே முதலில் சொன்னேன். மறைத்துப் பேசினால் அவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிற நிமிடத்தில் விலை பாதியாகிவிடும்.

'எல்லாத்தையும் இறக்கு பாப்பா. விக்காததை நீயே எடுத்துக்க. அப்பா அப்படித்தான் செய்வாரு.'

இந்த இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்ப எடுப்பதாக இருந்தால் 1,020-க்கே போடுவேனே, எதற்கு 720? குறைத்த 300 ரூபாய், மிஞ்சுவது அவர் பாடு என்பதற்காகத்தான். அதை அங்கே சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது எத்தனையோ விதமாகச் சொன்னேன்.

பிப்ரவரி 13

கோடவுனில் எலி. ஒரு பெட்டியின் மூலையைக் கடித்திருக்கிறது. 159.

பிப்ரவரி 14, சனி

மறுபடி அண்ணாச்சி. இந்தத் தடவை என் கோடவுனில் எவ்வளவு இருக்கிறது என்று பேசவில்லை, அவர் கடையில் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டேன். மேனேஜர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்: கிளைக்கு நாளுக்குப் பதினைந்து பாக்கெட். விலை குறைந்தால் இரட்டிப்பு என்றே வைத்தால் மூன்று கிளைக்கும் சேர்த்து நாளுக்குத் தொண்ணூறு. 75 பெட்டி என்றால் 2,250 பாக்கெட், இருபத்தைந்து நாள். புதன்கிழமை இறக்கினால் மார்ச் 14 வாக்கில் தீர்ந்துவிடும். மார்ச் 21-க்கு ஷெல்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று வைத்தாலும் கையில் ஒரு வாரம் மிச்சம். அதற்கு மேல் ஒரு பெட்டியும் தர மாட்டேன் என்றேன். விற்க வந்தவள் 'அதிகம் வாங்காதீங்க' என்று சொன்னதில் அண்ணாச்சிக்கே ஆச்சரியம்.

ரிட்டர்ன் பேச்சை மறுபடி எடுத்தார். அதற்குப் பதிலாக இதைச் சொன்னேன்: இப்போது 40 பெட்டி மட்டும். மார்ச் 2 அன்று ஓட்டத்தைப் பார்த்து, வேண்டுமென்றால் இன்னும் 35, அப்போது நாள் குறைந்திருக்கும் என்பதால் 660-க்கு. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இறக்கியது இறக்கியதுதான். இரண்டு நிமிடம் மீசையைத் தடவினார். 'உங்கப்பா உன்ன மாதிரி பேச மாட்டாரு' என்றார். பாராட்டா திட்டா, தெரியவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

ஒரு பக்கத்தில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். லெட்டர்ஹெட்டில் இன்னும் அப்பா பெயர்.

பேட்ச் நம்பர், தேதி, பெட்டி எண்ணிக்கை மேலே. இந்த விலை தேதி நெருங்கியதற்கான விலை, தேதி முடிந்தாலும் விற்காமல் மிஞ்சினாலும் திரும்ப எடுக்கப்படாது. உடைசல், எண்ணிக்கைக் குறைவு, வேறு பேட்ச் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் போட்டோவுடன் சொன்னால் மாற்றித் தருவேன். இதைப் போடாவிட்டால் 'திரும்ப எடுக்க மாட்டேன்' என்பது அநியாயமாகத் தெரியும். மூன்று கிளைகளின் கவுண்டரில் மட்டுமே விற்க வேண்டும், வேறு கடைக்கோ வண்டிக்காரருக்கோ மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. புது விலை ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அச்சடித்த எம்.ஆர்.பி.யையோ தேதியையோ மூடக் கூடாது. மார்ச் 21 காலை ஷெல்பிலிருந்து எடுத்துவிட வேண்டும், மிஞ்சியதைக் கிழித்து அழித்துப் போட்டோ அனுப்ப வேண்டும்.

பணம் ஏழு நாளில். வழக்கமான 21 நாள் கிடையாது. தேதி நெருங்கும்போது பில் பாக்கி இருந்தால், திரும்ப எடுக்க மாட்டேன் என்று எத்தனை பக்கம் எழுதினாலும் கடைக்காரர் அந்த பாக்கியில் கழித்துக்கொள்வார். முதல் பில் தீர்ந்தால்தான் இரண்டாவது லாட் என்றும் சேர்த்தேன்.

சேல்ஸ் அண்ணன் படித்துவிட்டு, 'எதுக்கும்மா வண்டிக்காரன் கதை?' என்றார். 720-க்குப் போன பெட்டி எங்கேயாவது சுற்றி எங்கள் லைனில் இருக்கிற சின்னக் கடைக்கு வரும். அவர் மார்ச் கடைசியில் 'எக்ஸ்பைரி எடுத்துக்கோங்க' என்று நீட்டுவார். நாம் வழக்கப்படி 1,020 ரூபாய்ப் புதுச் சரக்கை மாற்றிக் கொடுப்போம். நம் சரக்கையே நாமே கூடுதல் விலைக்கு வாங்கிய கதை. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நீல மார்க்கரை எடுத்து அண்ணாச்சிக்குப் போகிற பெட்டி ஒவ்வொன்றிலும் அடிப்பக்கம் பெருக்கல் குறி போட ஆரம்பித்தார்.

பிப்ரவரி 18, புதன்

40 பெட்டி இறங்கியது. பில் 28,800. அடக்கத்தோடு பார்த்தால் 9,600 நட்டம். அண்ணாச்சி தாளை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்பாவிடம் சொன்னேன். 'சரி.'

பிப்ரவரி 20

இன்று 'தண்ணி' என்றார். தெளிவாக. அம்மா வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

பிப்ரவரி 25, புதன்

அண்ணாச்சி ஜிபே பண்ணிவிட்டார். ஏழாவது நாள், முழுசாக. எங்கள் லைனிலும் 20 பெட்டி போயிருக்கிறது. நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

கழுகுமலை லைனுக்குப் போன அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினார். ஒரு சின்னக் கடை, தரையில் இரண்டு பெட்டி, அடியில் நீலப் பெருக்கல் குறி. வண்டிக்காரரிடம் பாக்கெட் 32-க்கு வாங்கினாராம். 'தேதி முடிஞ்சா நீங்கதானே எடுப்பீங்க?' என்று கேட்டிருக்கிறார்.

கை நடுங்கியது. ஏமாந்ததைவிட, எழுதியும் ஏமாந்தேனே என்பதுதான்.

பிப்ரவரி 28, சனி

அண்ணாச்சி கத்துவார் என்று நினைத்துப் போனேன். மேனேஜரைக் கூப்பிட்டுப் பில்களைப் பார்க்கச் சொன்னார். பஸ் ஸ்டாண்ட் கிளையில் 23-ஆம் தேதி ஒரே பில்லில் 240 பாக்கெட். எட்டுப் பெட்டி. கவுண்டர் பையன் விற்றிருக்கிறான், 30-க்கே. கோவில் விசேஷம் என்று சொன்னாராம் வாங்கியவர்.

'கவுண்டர்லதானே வித்தோம் பாப்பா?'

அவர் சொன்னது சரிதான். கவுண்டர் என்று எழுதினேன், ஒருவருக்கு எத்தனை பாக்கெட் என்று எழுதவில்லை. வண்டிக்காரரும் கவுண்டருக்கு வந்தால் வாடிக்கையாளர்தான். சண்டை போட எனக்கு இடமே இல்லை. ஓட்டையை நான்தான் விட்டேன்.

மார்ச் 1

எட்டுப் பெட்டியில் இரண்டைக் கண்டோம். ஆறு எங்கே? எங்கள் ஆட்கள் மூவருக்கும் பேட்ச் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாங்கள் லைனில் நேராகப் போட்ட பெட்டிகளும் அதே பேட்ச், ஆனால் அவற்றில் நீலக் குறி கிடையாது. அதனால் குறியைப் பார், குறி இருந்தால் எடுக்காதே, குறி இல்லாவிட்டால் நம் பில்லைக் கேள், பில் இல்லாமலும் எடுக்காதே. கழுகுமலைக் கடைக்காரருக்கு மட்டும் இப்போதே சொல்லச் சொன்னேன்: நாங்கள் எடுக்க மாட்டோம், இன்னும் நாலு வாரம் இருக்கிறது, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். பாவம், அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

மார்ச் 2, திங்கள்

முதல் லாட்டில் ஐந்து பெட்டிதான் மிச்சம். அந்த எட்டைக் கழித்தால் கவுண்டரில் உண்மையாக ஓடியது 27 பெட்டி. பன்னிரண்டு நாளில் 810 பாக்கெட், நாளுக்கு 67. தொண்ணூறு இல்லை.

அண்ணாச்சி 35-ஐயும் கேட்டார். 20 தருகிறேன் என்றேன். மிச்சம் ஐந்தும் இதுவும் சேர்த்து 750 பாக்கெட், இதே ஓட்டத்தில் பதினொரு நாளுக்கு மேல். புதுத் தாளில் ஒரு வரி கூட்டினேன்: ஒரு பில்லுக்குப் பத்து பாக்கெட்டுக்கு மேல் கூடாது. மேனேஜர் அதைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிட்டார். 13,200 ரூபாயைக் கையிலேயே கொடுத்தார் அண்ணாச்சி.

மார்ச் 5

இங்கே இன்னும் 73 பெட்டி. லைனில் இனி யாரும் வாங்க மாட்டார்கள். டீக்கடைகளுக்குப் பாக்கெட் 18-க்குக் கொடுத்துப் பார்க்கிறேன், அன்றன்றைக்குத் தேவையானது மட்டும், ரொக்கத்துக்கு. கடைக்கு நாலு, ஐந்து என்று போகிறது. மழை வேறு.

மார்ச் 9

அப்பா என் பெயரைச் சொன்னார். பாதிதான்.

மார்ச் 13, வெள்ளி

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கோடவுனைப் பார்க்க வேண்டும் என்று கையைக் காட்டினார். சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். மாடிப்படிக்குக் கீழே 51. ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணாச்சியின் தாளை அவர் மடியில் வைத்தேன். வரிவரியாக விரலை ஓட்டினார், 'திரும்ப எடுக்கப்படாது' என்கிற இடத்தில் விரல் நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோபமா என்று கேட்டேன். சொல் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

பஸ் ஸ்டாண்ட் கிளையில் 41 பாக்கெட் மிச்சமாம். மற்ற இரண்டிலும் தீர்ந்துவிட்டது. நாளைக் காலை எடுக்க வேண்டும். ஏழு மணிக்கு அண்ணாச்சிக்குப் போன் போட வேண்டும், மறந்துவிடக் கூடாது.