இரண்டாம் முறைதான் தேறினேன்: கலரிமீட்டர் இருந்தும் பிரிண்ட் இருட்டாக வருகிறவர்களுக்கு

நேற்று போட்டோ பிரிண்ட் தேர்வின் ரிசல்ட். பத்துப் பிரிண்டும் தேறிவிட்டன. போன வருஷம் கிட்டத்தட்ட இதே படங்களைத்தான் "எல்லாம் இருட்டாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போதும் திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டர் என்னிடம் இருந்தது, அதை வைத்துத் திரைக்குப் புரொஃபைலும் போட்டிருந்தேன், வயிறெரிவது அதனால்தான்.

தப்பு ஒரே இடத்தில். திரையை அளக்கும் DisplayCAL மென்பொருளில் White level என்ற இடத்தை As measured என்றே விட்டுவிட்டேன். திரை அப்போது 250 cd/m² வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. புரொஃபைல் திரையின் வெள்ளையை நூறு சதவீதம் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஒப்பிட்டுத்தான் கணக்கிடும், அதனால் சோதனை ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. நானோ அந்த வெளிச்சத்தில் கண் கூசி ஒவ்வொரு படத்தையும் இறக்கிக்கொண்டே போனேன். இந்த முறை வைத்த 100-க்கும் அந்த 250-க்கும் இடையே சுமார் 1.3 ஸ்டாப் வித்தியாசம். அதுதான் பேப்பரில் இருட்டாக விழுந்தது.

இந்த முறை திரையை அரை மணி நேரம் எரியவிட்டு, தானாக வெளிச்சம் மாற்றும் வசதி, நைட் மோட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, White level-ஐ 100 என்று கொடுத்தேன். அளவு ஓடும்போதே மானிட்டரின் சொந்தப் பொத்தானில் பிரைட்னஸை 85-இலிருந்து 24 வரை இறக்க வேண்டியிருந்தது. மென்பொருளில் இறக்காதீர்கள், நிறப் படிகள் குறைந்து வானத்தில் பட்டைபட்டையாகத் தெரியும். வெள்ளை 6500K, காமா 2.2, இதில் நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

சரி, 100 என்பதும் முடிந்த முடிவல்ல. பிரிண்டைப் பார்க்கப்போகிற விளக்கின் கீழ் எழுதாத பிரிண்ட் பேப்பர் ஒன்றைப் பிடித்து, திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து மாறிமாறிப் பாருங்கள். என் அறையில் திரைதான் இன்னும் தூக்கலாக இருந்தது, 90-க்கு இறக்கி மறுபடி முதலிலிருந்து அளந்தேன்.

அப்புறம்:
- கருவியின் வெள்ளை மூடியை விலக்கிவிட்டு, திரையைக் கொஞ்சம் மல்லாத்தி வையுங்கள், இடுக்கில் வெளிச்சம் புகக்கூடாது.
- கூடுதல் நிறங்களைக் காட்டும் வைட் காமட் திரை என்றால் Correction பட்டியலில் உங்கள் பேக்லைட் வகையைத் தேர்ந்தெடுங்கள். விட்டால் கருவியின் ஃபில்டர்கள் தப்பாகப் படித்து, வெள்ளையில் பச்சையோ ரோஸோ ஏறலாம்.
- பிரிண்ட் போடும் லேபிடம் பேப்பரின் ICC புரொஃபைலை வாங்கி, பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் பாருங்கள்.

விளக்கு வெளிச்சத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. திரை 250-இல் எரிந்தபோது கருநீலப் புடவையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது, பிரிண்டில் ஒரே கரிக்கட்டி. 90-இல் திறந்தபோது அந்தக் கரிக்கட்டி திரையிலேயே தெரிந்துவிட்டது. நிழலை மட்டும் தூக்கி அனுப்பினேன். வந்த பிரிண்டில் மடியிலிருந்து முழங்கால் வரை ஏழு மடிப்பு எண்ணினேன்.