இரும்பையும் நிக்கலையும் pH வைத்துப் பிரிக்கப் போய், மூன்று தடவை முட்டிக்கொண்ட கதை

கணக்குப் போட்டுப் பார்த்தபோது இதைவிடச் சுலபமான வேலை இருக்காது என்றுதான் நினைத்தேன். ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 2.8 × 10⁻³⁹. நிக்கல் ஹைட்ராக்சைடுக்கு 5.5 × 10⁻¹⁶. கரைசலில் இரண்டும் 0.1 மோலார் இருந்தால், இரும்பு pH ஒன்றரையிலேயே வீழத் தொடங்கும், pH 3.5 வரும்போது கரைசலில் மிஞ்சுவது 10⁻⁷ மோலார் அளவுதான். நிக்கலோ pH 7 நெருங்கும்வரை அசையாது. நடுவில் மூன்று அலகுக்கு மேல் இடைவெளி! இதில் தப்பு பண்ண என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு மதியத்தை ஒதுக்கினேன். நான்கு நாள் போனது.

என்னிடம் இருந்தது ஏறக்குறைய பாதிக்குப் பாதி இரும்பும் நிக்கலும் கலந்த உலோகக் கலவைத் தூள், 1.15 கிராம். அதாவது இரண்டிலும் சுமார் 10 மில்லிமோல். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், புகைப்பெட்டிக்குள் வைத்துக் கரைத்தேன், 100 மில்லிக்குக் கொண்டுவந்தேன். அழகான பச்சை, லேசான மஞ்சள் சாயல். (நிக்கல் உப்புகள் புற்றுநோய் வரவைப்பவை, தோலில் பட்டால் ஒவ்வாமையும் வரும். கையுறை போடாமல் ஆரம்பிக்காதீர்கள்.)

முதல் தடவை எல்லாம் சொன்னபடி கேட்டது, அதுதான் பிரச்சினை. சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு pH-ஐ 3.5-க்குக் கொண்டுவந்தேன், கொஞ்சம் பழுப்பு வீழ்படிவு வந்தது, வடித்தேன். வடிநீரில் ஒரு சொட்டு எடுத்து தயோசயனேட் விட்டுப் பார்த்தேன், சிவப்பே வரவில்லை. இரும்பு போயே போச்சு என்று முடிவு கட்டினேன். அரை கிராமுக்கு மேல் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் வீழ்படிவு இத்தனூண்டு இருக்கிறதே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மனசுக்குப் பிடித்த விடை கிடைத்துவிட்டால் யாரும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்புறம் நிக்கலை மீட்க pH-ஐ 9-க்கு ஏற்றினேன். நிக்கல் ஹைட்ராக்சைடு வெளிர்பச்சையாக வர வேண்டும். வந்ததோ பாசி பிடித்த மாதிரி ஓர் அழுக்குப் பச்சை. சரி, காய்ந்தால் தெளியும் என்று வடிதாளிலேயே விட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் மேல் பரப்பு முழுக்கத் துருப் பழுப்பு. ஓரத்தைச் சுரண்டினால் உள்ளே இன்னும் பச்சை. காற்று பட்ட இடம் மட்டும் பழுப்பாகியிருந்தது.

அதைப் பக்கத்து மேசை அக்காவிடம் காட்டினேன். அவர் வீழ்படிவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "எதிலடா கரைச்சே?" என்றார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றேன். "அப்போ அது எந்த இரும்பு?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அவ்வளவுதான். இரும்பு உலோகம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்தால் வருவது இரண்டு நேர்மின்சுமை கொண்ட ஃபெர்ரஸ் அயனி, மூன்று கொண்ட ஃபெர்ரிக் இல்லை. காற்றுபட்டு மாறிய கொஞ்சம் ஃபெர்ரிக்தான் அந்த மஞ்சள் சாயல், அந்தக் கொஞ்சம்தான் முதலில் பழுப்பாக வீழ்ந்தது. மீதி முழுவதும் ஃபெர்ரஸாகவே நிக்கலோடு வடிநீரில் இறங்கிவிட்டது. ஃபெர்ரஸ் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் 10⁻¹⁷ சொச்சம், 0.1 மோலார் இருந்தால் வீழத் தொடங்குவது pH 6.3 வாக்கில். நிக்கலுக்கு 6.9. அரை அலகுதான் வித்தியாசம், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் பிரிக்க முடியாது. நான் நம்பியிருந்த மூன்று அலகு இடைவெளி என் பீக்கரில் இல்லவே இல்லை. தயோசயனேட்டும் ஃபெர்ரிக்கோடு மட்டும்தான் சிவக்கும், ஃபெர்ரஸைக் கண்டுகொள்ளாது. அது பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

இதை ஒரு நிமிடத்தில் சோதித்திருக்கலாம். வடிநீரில் கொஞ்சம் தனியாக எடுத்து, அமிலமாக்கி, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரே ஒரு சொட்டு விட்டு, அதன் பிறகு தயோசயனேட் விட வேண்டும். எனக்கு ரத்தச் சிவப்பாக வந்தது. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், பெராக்சைடு மிஞ்சினால் தயோசயனேட்டையே அழித்து, வந்த சிவப்பையும் வெளிறவைத்துவிடும்.

எனவே இரண்டாவது தடவை, புதிய தூள், புதிய கரைசல், இந்த முறை முதலில் ஆக்சிஜனேற்றம். இரண்டு ஃபெர்ரஸுக்கு ஒரு பெராக்சைடு என்ற கணக்கில் 10 மில்லிமோல் இரும்புக்கு 3 சதவீதக் கரைசல் ஆறு மில்லிக்குள் போதும். நான் பத்து விட்டேன், அந்தப் புட்டி எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பச்சை மறைந்து பழுப்பு மஞ்சளானது. மிச்சப் பெராக்சைடு போகக் குமிழி நிற்கும்வரை கொதிக்கவைத்தேன். இதுவரை நல்லபடியாகப் போனது.

இப்போது காரம். பியூரெட்டில் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. இங்கே யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபெர்ரிக் அயனியும் ஹைட்ராக்சைடாகும்போது மூன்று ஹைட்ராக்சைடு அயனியை விழுங்குகிறது, அதனால் நீங்கள் விடும் காரமெல்லாம் அதற்கே போய்விடுகிறது, pH எண் நகர்வதே இல்லை. காரம் விழுந்த இடத்தில் பழுப்புக் கட்டி தோன்றும், கலக்கினால் கரையும், கரைசல் மேலும் மேலும் இருண்ட சிவப்புப் பழுப்பாகும். மீட்டர் மட்டும் 2-ஐச் சுற்றியே நிற்கும். என் 10 மில்லிமோல் இரும்புக்கு மட்டுமே 15 மில்லி காரம் வேண்டும், மிச்ச அமிலத்துக்கு வேண்டியது தனி. பத்து மில்லி விட்டும் எண் அசையாததைப் பார்த்து, மீட்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பியூரெட்டை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

2.3, 2.6, 8.1. இடையில் எதுவும் இல்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது சிரிப்பு வந்தது. pH 3.5-ல் 120 மில்லி கரைசலில் தனியாக இருக்கும் ஹைட்ரஜன் அயனி மொத்தமே 0.04 மில்லிமோல். 2 மோலார் காரத்தில் ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லி, 0.1 மில்லிமோல். இரும்பு தீர்ந்த பிறகு விழும் ஒரே ஒரு சொட்டில், மிச்சம் இருக்கும் அமிலத்தைப் போல இரண்டரை மடங்கு காரம் இருக்கிறது. அந்தக் காரத்தை வைத்துக்கொண்டு 3.5-ல் நிறுத்துவது யாராலும் ஆகாது.

8 போய்விட்டது, திரும்ப அமிலம் விட்டு 3.5-க்கு இறக்கினால் நிக்கல் கரைந்துவிடாதா? அப்படித்தான் நானும் செய்தேன். ஓரளவு கரைந்தது. ஆனால் இரும்பு ஹைட்ராக்சைடு களி மாதிரி வருவது, அதற்குள் அகப்பட்ட நிக்கல் சுலபத்தில் வெளியே வராது. வீழ்படிவைக் கழுவி, கொஞ்சம் எடுத்து அமிலத்தில் கரைத்து, இரும்பு குறுக்கே வராமல் இருக்கச் சிட்ரேட் சேர்த்து, அமோனியாவால் காரமாக்கி, டைமெத்தில் கிளையாக்சைம் விட்டேன். கொழகொழவென்று செந்நிற வீழ்படிவு. தாராளமாக நிக்கல். இந்தச் சோதனையைச் செய்யாமல் வடிநீரை மட்டும் பார்த்துத் திருப்திப்படுபவர்கள் நிறையப் பேர். வடிநீரில் இரும்பு இல்லை என்பது பாதி வெற்றிதான், பழுப்பில் நிக்கல் இல்லை என்பது மீதிப் பாதி.

நல்ல வேளை, புதிதாக வந்த வீழ்படிவு வெதுவெதுப்பான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முழுக்கக் கரைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பீக்கரில் திரும்பக் கரைத்து, அதே கரைசலில் மூன்றாவது தடவை ஆரம்பித்தேன்.

மாற்றியது மூன்றே விஷயம். மீட்டரை 4, 7 இரண்டு தாங்கல் கரைசல்களிலும் சரிபார்த்துக்கொண்டேன், அது சரியாகத்தான் இருந்தது, பாவம். கரைசலை 70 டிகிரி வாக்கில் சூடாக வைத்துக்கொண்டு கலக்கிக்கொண்டே இருந்தேன், சூட்டில் களி கொஞ்சம் இறுகி வடிக்கத் தோதாக வரும். ஆனால் மீட்டரை அந்தச் சூட்டில் விடவில்லை, ஒவ்வொரு தடவையும் சிறிது எடுத்து ஆறவைத்து அளந்து பீக்கரிலேயே திரும்ப ஊற்றினேன். மூன்றாவதுதான் முக்கியம். 2 மோலார் காரத்தை pH 2.3 வரைக்கும்தான் விட்டேன், அங்கிருந்து 0.1 மோலாருக்கு மாறினேன். இதில் ஒரு சொட்டு 0.005 மில்லிமோல், முன்பு ஒரு சொட்டில் தாவிய தூரத்தை இப்போது இருபது சொட்டில் நடக்கலாம். ஒவ்வொரு சில சொட்டுக்கும் பிறகு அரை நிமிடம் காத்திருந்தேன், எண் ஏறி மெல்லத் திரும்ப இறங்குவது தெரியும். இறங்காமல் 3.5-ல் நின்றபோது நிறுத்திவிட்டேன். பாதுகாப்புக்காக 5 வரை போகலாமே என்று தோன்றும், போகாதீர்கள். pH 3.5-ல் இரும்பு ஹைட்ராக்சைடின் பரப்பு நேர்மின்சுமையோடு இருப்பதால் நிக்கல் அயனியைக் கிட்டே சேர்ப்பதில்லை. pH ஏற ஏற அந்தச் சுமை குறைந்து, நிக்கல் தனியாக வீழும் நிலைக்கு வெகு முன்பே பரப்பில் ஒட்ட ஆரம்பித்துவிடும்.

அரைமணி நேரம் சூட்டிலேயே விட்டு வடித்தேன். வடிதாள் அடைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எடுத்தது, அது தனிச் சலிப்பு. கழுவும்போது இன்னொரு அதிர்ச்சி: சுத்தமான தண்ணீரை ஊற்றியதும் வீழ்படிவு கலங்கி வடிதாள் வழியாகப் பழுப்பாக இறங்கத் தொடங்கியது. உப்பு போய்விட்டால் களி கூழ்மமாகப் பிரிந்து ஓடிவிடும். நூற்றுக்கு ஒன்று அம்மோனியம் நைட்ரேட் கலந்த வெந்நீருக்கு மாறியதும் நின்றது. இறங்கியதைத் திரும்ப அதே தாளில் ஊற்றி வடித்தேன்.

டைமெத்தில் கிளையாக்சைம் இந்த முறை பழுப்பில் மங்கலான இளஞ்சிவப்பு காட்டியது. கொஞ்சம் நிக்கல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பழுப்பை மறுபடி அமிலத்தில் கரைத்து இன்னொரு முறை 3.5-ல் வீழ்த்தி, இரண்டு வடிநீரையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டாவது வீழ்ப்பில் கரைசலில் நிக்கலே கொஞ்சம்தான் இருப்பதால் சிக்குவதும் அதே விகிதத்தில் குறைகிறது, மறுநாள் சோதனையில் நிறமே இல்லை.

வடிநீரை 9-க்கு ஏற்றினேன். சுத்தமான வெளிர்பச்சை. வேண்டுமென்றே அதை வடிதாளில் ராத்திரி முழுக்கத் திறந்தே வைத்துவிட்டுப் போனேன். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன், பச்சையாகவே இருந்தது. அக்காவிடம் காட்டினேன், தலையாட்டிவிட்டு, "முதல் நாள் அழுக்கை எங்க வச்சே?" என்றார். நிக்கல் கழிவுப் புட்டியில், பெயர் எழுதி.