முதலில் கண், அப்புறம் வாய், மறுபடியும் கண்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தகவல் தாள்களைத் தமிழாக்குவது என் வேலை. முடித்த மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிடுவது ஒரு சுற்று, வாய்விட்டுப் படிப்பது இன்னொரு சுற்று. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டுமே கெடும். ஆங்கில வரியைப் பார்த்த கையோடு படித்தால் எவ்வளவு கோணலான தமிழும் புரிந்துவிடும். அர்த்தம்தான் ஏற்கெனவே தலைக்குள் இருக்கிறதே.

ஒப்பிடும்போது மூலத்தை அச்செடுத்து, வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துக்கொள்வேன். எண்கள், எதிர்மறைகள், ‘குறைந்தது’, ‘மட்டும்’, ‘தவிர’ போன்றவை வரும் இடங்களை வட்டமிட்டு, தமிழில் கண்ணால் பார்த்த பிறகே டிக் அடிப்பேன். அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள் ஒரே மாதிரி தொடங்கினால், மொழிபெயர்க்கும்போதே கண் ஒன்றைத் தாண்டிப் போயிருக்கும். வாய்விட்டுப் படித்து இதைப் பிடிக்க முடியாது. இல்லாத வரி நாக்கில் இடறாது.

ஒரு உதாரணம். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை, அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த நெஞ்செரிச்சல் மருந்தோடு சேர்ந்தால் அந்த உலோகத்தோடு பிணைந்துகொள்ளும். உடலில் சரியாக ஏறாது. அதனால் இடைவெளி விடச் சொல்கிறார்கள். தமிழில் அது இப்படி வரும்: ‘நெஞ்செரிச்சல் மருந்தைச் சாப்பிடுவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்போ, சாப்பிட்டுக் குறைந்தது 6 மணி நேரத்துக்குப் பின்போ இம்மாத்திரையைச் சாப்பிடவும்.’ மூலத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை. வாய்விட்டுப் படித்தால் மூன்று ‘சாப்பிடு’ வருகிறது. எதைச் சாப்பிட்டு எதற்குக் காத்திருப்பது என்பது கடைசிச் சொல் வரை பிடிபடாது. மாத்திரையைக் கையில் வைத்திருப்பவர் அதுவரை பொறுக்க மாட்டார்.

சரி, உடைக்கலாம்: ‘இம்மாத்திரையை முதலில் சாப்பிட்டால், நெஞ்செரிச்சல் மருந்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் காத்திருங்கள். நெஞ்செரிச்சல் மருந்தை முதலில் சாப்பிட்டுவிட்டால், 6 மணி நேரம் கழித்து இம்மாத்திரையைச் சாப்பிடுங்கள்.’ நன்றாக ஓடுகிறது. ஆனால் இரண்டாவது ‘குறைந்தது’ எங்கே? காதுக்காகத் திருத்தும்போது உதிர்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னச் சொல்தான். அதனால் வாய்விட்டுப் படித்து மாற்றிய வாக்கியங்களை மட்டும் ஓரத்தில் குறித்து, மறுபடி மூலத்தோடு வைத்துப் பார்த்துவிடுவேன். முழுத் தாளையும் பார்க்கத் தேவையில்லை.

நம் குரலையும் முழுசாக நம்ப முடியாது. ‘முதியவர்களும் குழந்தைகளும்’ என்பதற்கு முன்னால் ‘சிறுநீரகக் கோளாறு உள்ள’ என்று போட்டால் கோளாறு யாருக்கு என்பது தெளிவில்லை. எழுதியவர் படிக்கும்போது தன்னை அறியாமல் சரியான இடத்தில் நிறுத்தி, குழப்பத்தை மூடிவிடுவார். அதனால் ஆங்கிலத்தைப் பார்க்காத பக்கத்து மேசை அக்காவிடம் ஒரு பக்கமாவது படிக்கக் கொடுப்பேன். அவர் எங்கே நிறுத்தித் திரும்பப் படிக்கிறாரோ, அங்கே ஒரு கோடு. புரிந்ததா என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால், “புரிஞ்சுதுப்பா” என்றுதான் சொல்வார்.