கொம்பிரசர் எடுத்தால் லைற் மங்குகிறது: இலெக்ரீசியனுக்கு எழுதிய குறிப்பு

ஒட்டுசுட்டானில் எனக்கு ஒரு ரயர் கடை. உழவு மெசின், டிப்பர், மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும். அறுவடைக் காலத்தில் பின்பத்தியில் இருக்கும் கொம்பிரசருக்கு ஓய்வே இருக்காது. அது எடுக்கும் ஒவ்வொரு முறையும் கடை லைற் எல்லாம் மங்கி மங்கி வரத் தொடங்கியது.

கடைக்கு வாறவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. கொம்பிரசர் பழசாகிவிட்டது, விற்றுவிட்டுப் புதுசு எடு என்றார் ஒருவர். ஸ்ரெபிலைசர் போடு என்றார் இன்னொருவர். பின்பத்திக்குப் போகும் வயரைத் தடிப்பாக மாற்று என்றவர்கள்தான் அதிகம். நான் இலெக்ரீசியன் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவர் கிளிநொச்சியில் ஒரு வீட்டுக் கூரைக்குள் நின்றார். "அண்ணை, சும்மா மங்குது எண்டு சொன்னா நான் என்ன சாமானோடை வாறது? எந்த லைற் மங்குது, எவ்வளவு நேரம், வேறை எதுக்கு மங்குது, பக்கத்துக் கடையிலை என்ன மாதிரி, எல்லாம் பாத்து எழுதி அனுப்புங்கோ" என்றார். அடுத்த நாள் முழுக்க வேலைக்கிடையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பின்னேரம் வட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பு இது:

"தம்பி, கொம்பிரசர் எடுக்கேக்கை கடையிலை எல்லா லைற்றும் ஒரு செக்கன் மங்கிப் பிறகு வருது. முன்னுக்கு இருக்கிற பல்ப், பின்பத்தி பல்ப் எல்லாம் ஒரே அளவு. ஒண்டும் கூடுதலா எரியேல்லை. பக்கத்துப் பலசரக்குக் கடையிலை மங்கேல்லை. ராங் வெறுமையா இருந்தாலும், பாதிக் காத்தோடை திரும்ப எடுத்தாலும் ஒரே மாதிரித்தான். கரண்ட் கேத்தல் போட்டாலும் லேசா மங்குது, தண்ணி கொதிச்சு ஓஃப் ஆகும்மட்டும் அப்பிடியே நிக்குது. கொம்பிரசர் கன நேரம் ஓடினா மெயின் சுவிட்ச் பெட்டி மூடி சுடுது. ட்ரிப் ஒருக்காலும் விழேல்லை. போன காலபோகத்துக்கு இவ்வளவு இல்லை. கொம்பிரசர் 2 குதிரைவலு, பிளேற்றிலை 9.5 அம்பியர் எண்டு கிடக்கு."

உடனே பதில் வந்தது: "பெட்டி சுடுது எண்டா இனி கொம்பிரசரும் கேத்தலும் ஒண்டாப் போடாதேங்கோ. நாளைக்கு வாறன். புது வயர் ஒண்டும் வாங்க வேண்டாம்."

கடையைப் பார்க்காமலே அவர் எப்படி வயர் வேண்டாம் என்றார் என்பதை வந்த பிறகுதான் விளங்கப்படுத்தினார். கரண்ட் லைவ் என்ற வழியால் வந்து நியூற்றல் என்ற வழியால் திரும்புகிறது. அந்த வழியில் எங்கே நெருக்கடி இருக்கிறதோ அங்கே வோல்ற் விழும். விழுந்த வோல்ற் அந்த இடத்துக்குப் பிறகு இருக்கும் எல்லாவற்றுக்கும் குறையும், அதற்கு முன்னால் இருப்பவற்றுக்குக் குறையாது. எங்கள் கொம்பிரசருக்கு பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர். லைற்றுக்கு வேறு வயர். பின்பத்தி வயர் மெலிந்து வோல்ற் விழுந்தால் அது மோட்டருக்கு மட்டும்தான் விழும், முன்பக்கத்து பல்ப்புக்கு அது தெரியவே தெரியாது. இங்கே எல்லா லைற்றும் ஒரே அளவில் மங்குகிறது. ஆகவே சிக்கல் வயர்கள் பிரிவதற்கு முந்திய இடத்தில். பக்கத்துக் கடைக்கு அதே போஸ்ற்றில் இருந்துதான் லைன், அங்கே மங்கவில்லை. ஆகவே போஸ்ற்றுக்குப் பிந்திய இடத்தில். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது எங்கள் கடைக்கு வரும் வயர், மீற்றர், மெயின் சுவிட்ச், அவ்வளவுதான்.

கேத்தலைப் பற்றி நான் எழுதியது அவருக்கு இன்னும் பெரிய உதவி. மோட்டர் எடுக்கும் அந்தக் கணத்தில் பிளேற்றில் உள்ளதைவிட ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். எங்களுடையதற்கு 50 அம்பியர் வரை போகும். சுழலத் தொடங்கியதும் இறங்கிவிடும். அதனால் கொம்பிரசருக்கு மட்டும் மங்கினால் கொம்பிரசரையும் சந்தேகிக்க வேண்டும்: கெப்பாசிற்றர் பழுதாகி மோட்டர் எழும்பத் திணறலாம், அல்லது நிற்கும்போது தலைப்பகுதிக் காற்றை வெளியே விடும் வால்வு அடைபட்டு, அழுத்தத்துக்கு எதிராகவே மோட்டர் எடுக்க வேண்டி வரலாம். அந்த வால்வு பிழை என்றால் வெறும் ராங்கில் சுகமாக எடுக்கும், காற்று இருக்கும்போது முக்கி முனகும். எங்களுடையது நிற்கும்போது "ஸ்ஸ்" என்று நன்றாகத்தான் விடும். கேத்தலுக்கு எடுக்கும்போது கூடுதலாக இழுக்கும் பழக்கம் இல்லை, முதலிலிருந்து கடைசி வரை ஒரே கரண்ட். அதற்கும் மங்குகிறது என்றால் பிழை வழியில்தான்.

அளந்து பார்ப்பதற்கும் அவர் கேத்தலைத்தான் கேட்டார். மோட்டர் எடுப்பது ஒரு செக்கன்கூட இல்லை, சாதாரண மல்ரிமீற்றர் இலக்கத்தைக் காட்டுவதற்குள் அது முடிந்துவிடும். 2000 வோற்ஸ் கேத்தல் சுமார் 8.5 அம்பியரை நிமிடக் கணக்கில் ஒரே சீராக இழுக்கும். அதுவரை ஆறுதலாக அளக்கலாம்.

மெயின் சுவிட்ச் மூடியைக் கழற்ற முதல் என்னையும் பெடியனையும் தள்ளி நிற்கச் சொன்னார். சுவிட்சை ஓஃப் பண்ணினாலும் உள்ளே வரும் பக்கத்தில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், அதை நிறுத்துவது கடைக்காரரின் கையில் இல்லை. இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாக மூடியைத் திறக்க வேண்டாம்.

கேத்தல் போடாமல் உள்ளே வரும் பக்கத்தில் 229 வோல்ற். போட்டதும் 227. அந்த 2 வோல்ற் வெளியே லைனில் விழுவது, அது எந்தக் கடையிலும் கொஞ்சம் இருக்கும். சுவிட்சின் வெளியேறும் பக்கத்தில் பார்த்தால் 224. ஒரு சாண் நீளம்கூட இல்லாத சுவிட்சுக்குள் 3 வோல்ற் தொலைகிறது. பிறகு மீற்றரின் ஒரு முனையை லைவ் உள்ளே வரும் இடத்திலும் மற்றதை லைவ் வெளியேறும் இடத்திலும் வைத்தார். கிட்டத்தட்ட சைபர். அதையே நியூற்றலில் செய்ய 2.9 வோல்ற். கடைசியாக ஒரு முனையை வெளியேறும் நியூற்றல் திருகாணியின் தலையிலும், மற்றதை அந்தத் திருகாணிக்குள் போகும் வயரின் செம்பிலும் வைத்தார். அதே 2.9. இரண்டு முனைக்கும் இடையில் ஒரு விரல் அகலம்தான்.

சுவிட்சை ஓஃப் பண்ணி, வெளியேறும் பக்கத்தில் கரண்ட் இல்லை என்று ரெஸ்ற்றரால் பார்த்துவிட்டு அந்த வயரைப் பிடித்தார். திருகாணியைத் தொடாமலே கையோடு வந்துவிட்டது. அது 7/1.04 வயர், உள்ளே ஏழு இழை. மூன்று இழைதான் திருகாணிக்குக் கீழே இருந்திருக்கிறது. மற்ற நாலும் ஓட்டைக்குள் போகாமல் வெளியே மடங்கிக் கிடந்தன. போன மூன்றும் கறுத்துப் போயிருந்தன, கறுப்பு உறை ஒரு அங்குலத்துக்கு மொரமொரத்து வெடித்திருந்தது. பெட்டிக்குள் கிறவல் தூசியும் பல்லி முட்டை ஓடும் வேறு.

கணக்கையும் அங்கேயே போட்டுக் காட்டினார். 8.5 அம்பியருக்கு 3 வோல்ற் விழுந்தால், கொம்பிரசர் எடுக்கும் 50 அம்பியருக்கு அந்தத் திருகாணியில் மட்டும் 17, 18 வோல்ற் விழும். வெளி லைனில் 12. இரண்டும் சேர்ந்து 30, கடைக்குள் மிஞ்சுவது 200 வோல்ற் அளவு. லைற் மங்காமல் என்ன செய்யும்! எனக்கு அதைவிடப் பயம் தந்தது மற்றக் கணக்கு. 3 வோல்ற்றை 8.5 அம்பியரால் பெருக்கினால் 25 வோற்ஸ். ரேடியோ திருத்தும் கடையில் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனும் அதே 25 வோற்ஸ்தான். கேத்தல் கொதிக்கும் நேரமும் கொம்பிரசர் ஓடும் நேரமும் அந்தச் சூடு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. சுட்டு ஆறும் ஒவ்வொரு முறையும் பிடி இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சுடும். போன காலபோகத்தை விட இந்த முறை கூடியதன் காரணம் இதுதான்.

ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை என்று கேட்டேன். அது போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சரியா என்று பார்க்கும், இங்கே ஒழுக்கு எதுவும் இல்லை, இரண்டும் சரி. பிரேக்கர் கரண்ட் கூடினால்தான் விழும். லூசான இடத்தில் கரண்ட் கூடுவதில்லையே. இரண்டுக்கும் இந்தப் பிழை தெரியாது. மூடியைத் தொட்டுப் பார்த்த கைதான் கண்டுபிடித்தது என்று சிரித்தார்.

திருத்தியது அரை மணித்தியால வேலை. கருகிய முனையை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டினார். ஏழு இழையையும் முறுக்கி, செம்புக் குழாய் முனை போட்டு நசுக்கினார். சூட்டில் திருகாணியின் மரை கெட்டிருந்ததால் பழைய சுவிட்சைத் திரும்பப் பாவிக்க மனமில்லை. அதை மாற்ற, உள்ளே வரும் பக்கத்து கரண்டையும் நிறுத்த வேண்டும். அதற்கு மின்சார சபையில் அறிவித்து, அவர்கள் ஆள் வந்து நிறுத்தித் தந்த பிறகு புது சுவிட்ச் ஏறியது. அதுவரை கொம்பிரசரும் கேத்தலும் நிறுத்தம். வந்த டிப்பர்களுக்குக் காற்றடிக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

பிறகு மறுபடியும் கேத்தல். உள்ளே 227, வெளியே 227. நியூற்றலில் மீற்றர் ஒன்றுமே காட்டவில்லை.

ஆனால் கொம்பிரசர் எடுக்கும்போது இப்போதும் கொஞ்சம் மங்குகிறது. வெளி லைனில் விழும் 12 வோல்ற் அப்படியே இருக்கிறது, 229 அந்தக் கணத்தில் 217 ஆகும். சபை தர வேண்டிய அளவு 230 வோல்ற், அதில் 6 வீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216 வரை இறங்கலாம். ஆகவே அதை முறையிட இடமில்லை. முன்பக்கத்து மலிவு எல்ஈடி பல்ப்புகளில் அது தெரிகிறது. தம்பி சோதிக்கவென்று பூட்டிய, உள்ளே கரண்டைச் சீராக்கும் நல்ல டிரைவர் உள்ள பல்ப் அசையவேயில்லை. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வயர் பிழை அல்ல என்பதற்கு அதைக் காட்டினார். மற்ற பல்ப்புகள் எரிந்து முடிய அதே வகையைப் போடலாம் என்றிருக்கிறேன்.

ரயர் கழற்றும் மெசின் ஒன்று வாங்கும் எண்ணத்தையும் சொன்னேன். இப்போது இருப்பது 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பு. கொம்பிரசரும் அதுவும் ஒரே நேரத்தில் எடுத்தால் பழையபடி மங்கும், அப்போது திருகாணியைத் தேடிப் பயனில்லை, மூன்று பேஸுக்கு விண்ணப்பித்துவிட்டு மெசினை வாங்குங்கோ என்றார். விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருக்கிறேன்.